‘கூடாது’ வரைக்கும் மூச்சு

ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: பேசப் போகிற பெண்ணின் மாமியார், பக்கத்து வீட்டுப் பாட்டி, நான். அந்தப் பெண் மகளிர் குழுவில் பொறுப்பில் இருப்பவர். இரண்டு நாள் கழித்து அறுபது பேர் முன்னால் மல்லாட்டைச் சாகுபடி பற்றி அவர் பேச வேண்டும். திண்டிவனத்தைச் சுற்றிய ஊர்களில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். பேச்சுக்கான ஸ்லைடுகளை வேறு யாரோ தயாரித்து அனுப்பிவிட்டார்கள், மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றின் அடியிலும் பேச வேண்டிய குறிப்பும் இருந்தது. படங்களில் கை வைக்க அவருக்கு அனுமதியில்லை. வாசிக்க வேண்டியது மட்டும்தான் வேலை.

ஆறாவது ஸ்லைடை வாசித்து முடித்ததும் பாட்டி குறுக்கிட்டார்.

“நாப்பத்தஞ்சு நாளைக்கு மேல மண்ணைக் கிளறணுமா? ஏம்மா, நாங்க தொடவே மாட்டோமே!”

தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த வாக்கியம் இது:

விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் இரண்டாவது களையெடுப்பின்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் ஓரத்தில் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பதுடன் அதன் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது.

செய்தி சரிதான். மல்லாட்டையின் பூ செடியில் பூக்கிறது, காயோ மண்ணுக்குள் காய்க்கிறது. பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காயாகிறது. அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்காமல், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஜிப்சத்தைச் செடி ஓரத்தில் போட்டு மண் அணைப்பது. விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறினால் அறுந்துபோகும். பாட்டிக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரியும். தெரியாத ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்திருப்பார்.

பேசியவர் ‘கூடாது’ என்று சொல்லாமல் விடவில்லை. செல்பேசியில் பதிவு செய்திருந்தோம், திரும்பப் போட்டுக் கேட்டோம். ‘கிளற’ வரைக்கும் குரல் இருந்தது. அதற்குப் பிறகு காற்றுபோல ஏதோ ஒன்று கேட்டது. “எனக்கு மூச்சு வாங்குது சார், முடிக்கிறதுக்குள்ள தீர்ந்துடுது” என்றார்.

தமிழுக்கே உரிய ஆபத்து இது. ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்ற பொருள் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். அப்போது நுரையீரலில் காற்று நிறைய இருக்கும். நமக்கு வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆமாம், இல்லை, வேண்டும், கூடாது எல்லாமே அங்கேதான். வாக்கியத்தின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் பேசுகிறவரின் மூச்சு தீர்கிறது. ஆகவே தமிழில் ஒரு உரைக்கு மூச்சுக் குறி போடுவது என்றால், முதல் வேலை வினைமுற்றைக் காப்பாற்றுவது.

மூச்சு ஏன் தீர்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். இழுப்பதும் விடுவதும் ஏறக்குறைய சம நேரம். பேசும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அரை நொடியில் வாய் வழியாக வெடுக்கென்று இழுத்து, அதை நான்கைந்து நொடிக்கு மெதுவாகச் செலவழிக்கிறோம். செலவழிக்கும்போது குரல்வளைக்குக் கீழே காற்றழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனியை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து ஊதுங்கள். குமிழி வருகிற அளவுக்கு ஊதினால் போதும். சாதாரணப் பேச்சுக்கு அதற்குச் சற்று மேலே இருந்தால் சரி. அதே குமிழியை விடாமல் ஐந்து நொடி ஓட்டிப் பாருங்கள். முடிகிறதென்றால் ஒரு வரி பேசுவதற்கான சரக்கு உங்களிடம் இருக்கிறது.

விரிந்த நெஞ்சு ரப்பர்போலத் தானாகச் சுருங்க முயலும். பேச்சின் முதல் பாதிக்கு அந்தச் சுருக்கமே அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. சுருங்கி ஓய்வு நிலைக்கு வந்த பிறகும் பேசிக்கொண்டே போனால், விலா எலும்புகளையும் வயிற்றையும் தசைகள் பிழிய வேண்டியிருக்கும். குரல் மெலிவது, நடுங்குவது, கடைசிச் சொல் உள்ளே போவது எல்லாம் இந்தப் பிழிகிற கட்டத்தில் நடப்பவை. பயந்தவர் வேகமாகப் பேசுவார், இடையில் நிறுத்த வெட்கப்படுவார்; ஆகவே வாக்கியத்துக்கு வாக்கியம் அந்தக் கட்டத்துக்குப் போய்விடுவார்.

‘நல்லா மூச்சை இழுத்துக்கிட்டுப் பேசு’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். நல்லெண்ணம்தான், பலன் எதிர்மறை. முழுக்க இழுத்து நிரப்பினால் நெஞ்சின் மீள்விசை பேச்சுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு ஆகிவிடும். முதல் சொல் வெடித்து வெளியே வரும், பிறகு மளமளவென்று காற்று கொட்டும். பதற்றத்தில் ஏற்கெனவே தோள் ஏறி, நெஞ்சில் பாதிக் காற்று தேங்கி நிற்கிறது. அவர் அதை முதலில் வெளியே விட வேண்டும். விட்டால் அடுத்த மூச்சு தானாகவே அளவோடு உள்ளே வரும். தாளின் உச்சியில், முதல் சொல்லுக்கும் முன்னால், நான் போடச் சொன்ன முதல் குறி ‘விடு’.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். ஒரு மூச்சில் எவ்வளவு பேசலாம் என்பதைச் சொற்களால் அளப்பது ஆங்கில வழக்கம். தமிழில் ‘களையெடுப்பின்போது’ என்பதும் ஒரு சொல், ‘மண்’ என்பதும் ஒரு சொல் என்றால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்? அசையால் அளக்க வேண்டும். நல்லவேளையாக நம் எழுத்து அதற்கு மிகவும் வசதி செய்து வைத்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எண்ணினால், வாய் எத்தனை முறை துடிக்கிறதோ அந்த எண்ணிக்கை வந்துவிடும். ‘வேண்டும்’ இரண்டு. ‘கூடாது’ மூன்று. எண்களைச் சொல்லாக எழுதிக்கொண்டு எண்ண வேண்டும்: 160 என்று தாளில் மூன்றே இலக்கம், வாயில் ‘நூற்றறுபது’ ஐந்து. (செவ்விலக்கணத்தின் ‘அசை’ வேறு கணக்கு, புலவர்கள் மன்னிக்கட்டும். ஈற்றில் வரும் குற்றியலுகரம் பேச்சில் பாதி தேய்ந்துவிடும் என்பதும் உண்மை. நமக்கு இவ்வளவு துல்லியம் போதும்.)

எண்ணினோம். எழுபத்திரண்டு வந்தது. பதிவில் அதை அவர் ஒரே மூச்சில் 11 நொடியில் முடித்திருந்தார், நொடிக்கு ஆறரை. நிதானமாகப் பேசினால் நொடிக்கு ஐந்து. நான்கைந்து நொடி மூச்சுக்கு இருபது, இருபத்தைந்து வசதி. முப்பதைத் தாண்டவே கூடாது. எழுபத்திரண்டை முப்பதுக்குள் அடங்குகிற துண்டுகளாக எங்கே வெட்டுவது?

காற்புள்ளி இருக்கிற இடத்தில் என்று உடனே சொல்லத் தோன்றும். இந்த வாக்கியத்தில் காற்புள்ளியே இல்லை, இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். நிறுத்தக் குறியின் மூல வேலை மூச்சுதான்: கிறிஸ்துவுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் அரிஸ்டோபேனஸ் என்ற நூலகர் கிரேக்க ஏடுகளில் வரியின் மேலும் நடுவிலும் கீழுமாகப் புள்ளிகள் வைத்தது, உரக்க வாசிப்பவர் எங்கே எவ்வளவு நிற்க வேண்டும் என்பதற்காக. நம் ஓலைச்சுவடிகளில் அதுவும் கிடையாது. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை, மெய்க்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இல்லை. வாசிக்கிறவருக்குப் பாட்டு ஏற்கெனவே காதில் இருந்தது. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடைக்குக் குறிகளைப் பழக்கினார்கள். அப்போது அவை மௌனமாக வாசிக்கிற கண்ணுக்கான குறிகளாகிவிட்டன. ஆனால் கண்ணுக்கு மூச்சு தேவையில்லையே.

தமிழில் மூச்சு விடத் தகுந்த இடத்தை இலக்கணம் காட்டுகிறது. வினைமுற்றுக்குப் பின் நிற்கலாம், அது எல்லாருக்கும் தெரியும். ‘இட்டு’, ‘செய்தால்’, ‘வரும்போது’ என்று முடியும் எச்சங்களுக்குப் பின்னும் தாராளமாக நிற்கலாம். கேட்பவர் இன்னும் வருகிறது என்று காத்திருப்பார். பெயரெச்சத்துக்குப் பின் நிற்கக் கூடாது. ‘காய் பிடிக்கும்’ என்று நிறுத்தினால் அதுவே வினைமுற்றாகக் கேட்கும். பிறகு ‘பருவம்’ என்று வருவது அநாதையாகிவிடும். எண்ணுக்கும் அளவுக்கும் நடுவிலும் கூடாது.

இன்னொரு அடையாளம் எழுத்திலேயே ஒளிந்திருக்கிறது. பள்ளியில் நம்மைப் பாடாய்ப் படுத்திய ஒற்று. ‘ஜிப்சத்தைச் செடியின்’ என்பதில் அந்த ‘ச்’ எதற்கு? இரண்டு சொல்லும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன, இங்கே வாய் மூடித் திறக்கவில்லை என்பதற்கு. ஒற்று மிகுந்த இடத்தில் நிறுத்தினால் ‘ஜிப்சத்தைச்…’ என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது ஒத்திகையில் அவர் மூச்சு வாங்கியது அங்கேதான். தாளின் வரி அந்தச் சொல்லோடு முடிந்து செடி அடுத்த வரிக்குப் போயிருந்தது, காரணம் அவ்வளவுதான். ஒற்று மிகுந்த இடங்களை எல்லாம் ஒரு சின்ன வளைவுக் கோட்டால் இணைத்துவிடச் சொன்னேன். இதற்கும் எல்லை உண்டு. ‘வைத்துப் பார்’ போல எச்சத்தின் பின்னும் ஒற்று மிகும். அங்கே நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஒற்றை அடித்துவிட வேண்டும். ஒற்று இல்லாத இடமெல்லாம் நிறுத்தத் தக்க இடம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் வல்லினம் மட்டும்தான் மிகும்.

இப்படிப் பார்த்தால் வாக்கியம் தானாகவே மூன்றாகப் பிரிந்தது. ‘என்பதுடன்’ என்ற ஒட்டுச் சொல்லை அடித்துவிட்டோம். ஸ்லைடு அவர்களுடையது, குறிப்புத் தாள் நம்முடையது. ஒரு சாய்கோடு என்றால் மூச்சு வாங்காமல் ஒரு கண்ணிமை நேரம் நிற்பது. இரட்டைச் சாய்கோடு என்றால் வாயைத் திறந்து மூச்சு. அம்பு மேலே போனால் குரல் தூக்கி நிற்கும், கீழே வந்தால் இறங்கி முடியும். அவர் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்டவற்றை இங்கே சதுர அடைப்பில் தருகிறேன்.

விடு
விதைத்த [40 முதல் 45ஆம் நாளுக்குள்] / இரண்டாவது களையெடுப்பின்போது ↑ //
ஏக்கருக்கு / [160 கிலோ] ஜிப்சத்தைச் செடியின் ஓரத்தில் இட்டு ↑ / மண் அணைக்க வேண்டும் ↓ //
அதன் பிறகு / மண்ணைக் கிளறக் [கூடாது] ↓ //

எண்ணிக்கை இருபத்தேழு, இருபத்தெட்டு, பதின்மூன்று. கடைசித் துண்டு வேண்டுமென்றே சிறியது. பதின்மூன்றுக்கு ஒரு முழு மூச்சு என்றால் ‘கூடாது’ வரும்போது பாதிக் காற்று மிச்சமிருக்கும். மொத்தம் 16 நொடி ஆனது. பழைய ஓட்டத்தைவிட ஐந்து நொடிதான் அதிகம். மேடையில் நிற்பவருக்கு அந்த ஐந்து நொடி ஐந்து நிமிடமாகத் தோன்றும் என்பது வேறு விஷயம். அதனால்தான் காதை நம்பாமல் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு மூச்சுக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, ஒரு துண்டும் பக்கம் தாண்டக் கூடாது. இப்படி எழுதிவிட்டால் வரியின் முடிவே மூச்சுக் குறியாகிவிடும், பாதிக் குறிகள் தேவைப்படாது.

அம்புகள் பிறகு வந்தவை. முதலில் சாய்கோடு மட்டும் போட்டோம். அவர் ஒவ்வொரு கோட்டிலும் குரலை இறக்கி நிறுத்தினார், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. ‘களையெடுப்பின்போது’ என்று இறக்கினால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று காது நினைக்கும். எச்சத்தில் குரல் தூக்கி நின்றால் எவ்வளவு நேரம் மூச்சு வாங்கினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. திண்ணையில் அரட்டை அடிக்கும்போது எல்லாரும் இதைச் சரியாகவே செய்கிறார்கள். தாளைப் பார்த்து வாசித்தால்தான் மறந்துபோகிறது.

அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் நம்மைத் தவறாக வழிநடத்துகின்றன. ஒரு சொல்லை ஓங்கிச் சொல் என்கின்றன. ஓங்கிச் சொல்ல அழுத்தம் கூட வேண்டும், அழுத்தம் கூட்டினால் காற்று சீக்கிரம் தீரும். பயந்தவருக்கு அது கட்டுப்படியாகாது. தமிழில் அழுத்தத்துக்கு வேறு வழிகள் உண்டு. ‘தான்’, ‘ஏ’ என்ற ஒட்டுகள் இருக்கின்றன. சொல்லுக்கு முன் ஒரு கண்ணிமை நிற்பது இருக்கிறது. ‘ஏக்கருக்கு’ என்பதன் பின் அந்த ஒற்றைக் கோடு அதற்காகத்தான். மூன்றாவது வழி, நீட்டுவது. இதில்தான் கவனம் வேண்டும். நெடிலை நீட்டலாம், குறிலை நீட்ட முடியாது. ‘படு’வை நீட்டினால் ‘பாடு’, ‘கல்’ நீண்டால் ‘கால்’. நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார்கள்: நெடில் நீள்வது உயிரளபெடை, ண், ம், ல் போன்ற மெய்கள் நீள்வது ஒற்றளபெடை. க், ச், ட் நீள்வதாக அவர்கள் சொல்லவில்லை. வாயை அடைத்துக்கொண்ட எழுத்தை எப்படி நீட்டுவது?

ஆகவே அடிக்கோடு போடும்போதே அந்தச் சொல்லில் பிடித்து நிற்க எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ‘கிளறக் கூடாது’ என்பதில் ஒற்று இருப்பதால் நடுவில் நிற்க முடியாது. ஆனால் ‘கூ’ நெடில், அங்கே நிற்கலாம். ‘நூற்றறுபது’க்கு ‘நூ’, ‘நாற்பது’க்கு ‘நா’. ‘மண்’ என்ற சொல்லுக்கு அழுத்தம் வேண்டியிருந்தால் ‘ண்’ணில் நிற்க வேண்டும். அவர் முதலில் ஜிப்சம், செடி ஓரம், மண், களையெடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போட்டு வந்தார். ஒரு மூச்சுக்கு ஒன்று என்று வரம்பு வைத்தோம். எதை விட்டால் விவசாயி தப்புச் செய்வார் என்று அவரையே கேட்டேன். நாள், அளவு, கூடாது என்று மூன்றை வைத்துக்கொண்டார்; யோசிக்க நேரமே எடுக்கவில்லை.

ஸ்லைடு மாற்றும் இடம் கடைசியாக வந்தது. பயத்தில் எல்லாரும் செய்கிற தவறு, வாக்கியம் முடிவதற்கு முன்பே பொத்தானை அழுத்துவது. புதுப் படம் வந்ததும் அறுபது ஜோடிக் கண்ணும் அங்கே போய்விடும், அந்த நேரத்தில் வருகிற வினைமுற்று காற்றோடு போகும். மூச்சு தீராமலேயே ‘கூடாது’ தொலைகிற இன்னொரு வழி இது. இரட்டைக் கோட்டுக்குப் பிறகு, புது வரியில், ஒரு சின்னக் கட்டம் போடச் சொன்னேன். முதலில் வினைமுற்று, அப்புறம் பொத்தான், பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு. படத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். ஏழாவது ஸ்லைடு ரகங்களைப் பற்றியது, முழுக்க ‘டி.எம்.வி.’ என்று தொடங்கும் பெயர்கள். அந்த மூன்று எழுத்து திண்டிவனத்தைக் குறிக்கிறது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 முதல் பல ரகங்கள் அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. அதன் முன்னால் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். சொந்த ஊர்ப் பெயரைத் திரையில் பார்த்ததும் ஜனங்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசுவார்கள், அது அடங்கட்டும் என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

சரியாக வந்ததா என்பதைச் சோதிக்கச் செல்பேசிப் பதிவை மறுபடி போட்டோம். முழுதும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும், செல்பேசியை நடையில் வைத்துவிட்டுத் தெருவில் நின்று கேட்டோம். ஆறாவது ஸ்லைடில் எல்லாம் கேட்டது. எட்டாவதில் ஒரு ‘வேண்டும்’ காணவில்லை. எண்ணிப் பார்த்தால் அந்த வரி முப்பத்தாறு.

கூட்டத்தன்று நான் பின்வரிசையில் இருந்தேன். முதல் ஸ்லைடில் ‘விடு’வை மறந்துவிட்டார், முதல் சொல் வெடித்தது, மூன்றாவது வரியில்தான் சமாளித்தார். நான்காவதில் ஒரு வரியைத் தாண்டிப் போனார். ஆறாவதில் ‘கூ’வில் நின்றார். நின்றதும், என் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டிருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

“கெளறக் கூடாதுன்னா, அதுக்கப்புறம் களை வந்தா கையால புடுங்கலாமாம்மா?”

தாளில் அதற்குப் பதில் இல்லை. அவர் தாளைப் பார்க்கவும் இல்லை. “பெருசா இருந்தா அறுத்து எடுத்துடுங்கய்யா, புடுங்காதீங்க” என்றார், ஒரே மூச்சில்.